சைடு மிரர் ஒரு பக்கம்தான் அசைகிறதா, அசையவே இல்லையா? கேள்விகளும் பதில்களும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் கார் ஒயரிங் வேலைக்கு வருகிறவர்கள் மின்சார சைடு மிரரைப் பற்றி என்னிடம் கேட்டவை இவை. பதில்களில் வரும் சோதனைகள் சுவிட்சிலிருந்து மிரருக்கு நேராக ஒயர் போகும் சாதாரண வண்டிகளுக்கானவை. கம்ப்யூட்டர் வழியாகப் போகும் வண்டிகளுக்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

“இடது மிரர் மேலே போகுது, கீழே மட்டும் வரமாட்டேங்குது. கதவுல ஒயர் அறுந்திருக்குமுங்களா?”

அநேகமாக இல்லை. முதலில் இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

மிரருக்குள் இரண்டு சின்ன மோட்டார்கள் உண்டு. ஒன்று கண்ணாடியை மேல்-கீழாகவும், மற்றது இடம்-வலமாகவும் ஆட்டும். மேலே போவதற்கு ஒரு மோட்டார், கீழே வருவதற்கு இன்னொரு மோட்டார் என்று கிடையாது. ஒரே மோட்டார்தான், அதே இரண்டு ஒயர்தான். மேலே போக முதல் ஒயரில் பிளஸ்ஸும் இரண்டாவதில் எர்த்தும் வரும். கீழே வர, சுவிட்ச் அந்த இரண்டையும் இடம் மாற்றிக் கொடுக்கும். மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றும்.

மேலே போகிறது என்றாலே அந்த இரண்டு ஒயரும் முழுசாக இருக்கின்றன, மோட்டாரும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஒயர் அறுந்திருந்தால் கீழே வரும்போது மட்டுமல்ல, மேலே போகும்போதும் கரண்ட் ஓடாது. ஆகவே பழுது இரண்டு இடத்தில்தான் இருக்க முடியும்: இடம் மாற்றிக் கொடுக்கிற சுவிட்சில், அல்லது மோட்டாருக்கு முன்னால் இருக்கிற பல்சக்கரத்திலும் கண்ணாடிப் பிடிப்பிலும்.

எதில் என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். சுவிட்சை வலது மிரருக்குத் திருப்பி அதே கீழ்ப்பக்கத்தை அழுத்துங்கள். பெரும்பாலான வண்டிகளில் நான்கு திசைக்கான தொடுபுள்ளிகள் இரண்டு மிரருக்கும் பொது. எந்தப் பக்கத்து மிரர் என்று தேர்ந்தெடுக்கிற பகுதி மட்டும்தான் தனி. வலது மிரரும் கீழே வரவில்லை என்றால் சுவிட்சின் கீழ்த் தொடுபுள்ளி கெட்டிருக்கிறது. வலது மிரர் ஒழுங்காகக் கீழே வந்தால் சுவிட்சைச் சந்தேகிக்க வேண்டாம், இடது மிரரின் கண்ணாடியைக் கழற்றிப் பல்லைப் பாருங்கள். கதவு பேடைப் பிரிக்கத் தேவையே இல்லை.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கோணலாகப் போகும் மிரரைப் பற்றிய கேள்வியில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

“மேலே கீழே நல்லா போகுது. இடம் வலம் ரெண்டுமே இல்லை.”

இது வேறு கதை. இதில் கதவு ஒயர்தான் முதல் சந்தேகம்.

மிரருக்கு அசைவுக்காக மட்டும் மூன்று ஒயர் போகும். மேல்-கீழ் மோட்டாருக்கு ஒன்று, இடம்-வலம் மோட்டாருக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. மடிக்கும் மோட்டார், இண்டிகேட்டர் லைட், கண்ணாடி சூடாக்கும் தகடு இவற்றுக்கு வேறு ஒயர்கள் உண்டு, அவற்றை இதில் சேர்க்கவேண்டாம். இடம்-வலம் இரண்டும் சேர்ந்து நின்றுவிட்டால், அந்த மோட்டாரின் தனி ஒயர் அறுந்திருக்கும் அல்லது அந்த மோட்டாரே போயிருக்கும். பொது ஒயர் நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல்-கீழ் அசைவே சாட்சி. பொது ஒயர் அறுந்தால் அந்த மிரரில் நான்கு திசையும் ஒன்றாகக் கெடும்.

“பட்டனை அழுத்தினா உள்ளே உர்ர்னு சத்தம் வருது, கண்ணாடி அசையலை.”

சத்தம் கேட்டால் மின்சாரப் பக்கம் சுத்தம். சுவிட்ச், ஒயர், மோட்டார் எல்லாம் வேலை செய்கின்றன. பிளாஸ்டிக் பல் தேய்ந்திருக்கும், அல்லது கண்ணாடியைத் தள்ளும் குச்சி அதன் குழியிலிருந்து கழன்றிருக்கும். குறுகலான ரோட்டில் எதிர் வண்டி மிரரைத் தட்டிவிட்டுப் போன பிறகு இப்படி ஆவது சகஜம். கூட்டில் கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே குச்சி நழுவியிருக்கும். சில சமயம் கண்ணாடியைக் கழற்றி, குச்சியைக் குழியில் வைத்து அழுத்தினாலே சரியாகிவிடும். பல் போயிருந்தால் மோட்டார் பெட்டியை மட்டும் மாற்றலாம், முழு மிரர் வாங்க வேண்டியதில்லை.

கடைசி எல்லைக்குப் போனபின் டக் டக் என்று கேட்பது பழுது அல்ல. எல்லையில் மோட்டார் எரியாமல் இருக்க வைத்த வழுக்கும் கிளட்ச் அது.

“ரெண்டு பக்கமும் ஒரேயடியா நின்னுபோச்சு.”

முதலில் சுவிட்சின் தேர்வுக் குமிழ் நடுவில் நிற்கிறதா பாருங்கள். நடுவில் இருந்தால் எதுவும் அசையாது. மிரர் மடிந்த நிலையில் அசைவைத் தடுத்துவிடும் வண்டிகளும் உண்டு. அடுத்தது ஃபியூஸ். பல வண்டிகளில் மிரருக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். மட்டமான மொபைல் சார்ஜர் ஒன்று ஃபியூஸை எரித்துவிட்டு, பழி மிரர் மேல் விழுந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபியூஸ் நன்றாக இருந்தால் சுவிட்சுக்கு வரும் பிளஸ்ஸையும் எர்த்தையும் அளந்து பாருங்கள்.

“மெக்கானிக் அளந்து பாத்து 12 வோல்ட் வருது, மோட்டார்தான் போச்சுன்னார். புது மிரர் போட்டும் அசையலை. எப்படிங்க?”

இந்தக் கேள்விக்கு ஒரு வண்டியை வைத்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் மக்கள் வீண்செலவு செய்வது பெரும்பாலும் இங்கேதான்.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு இளநீர் வியாபாரியின் சின்னக் கார் வந்தது. இடது மிரரில் இடம்-வலம் இல்லை, மேல்-கீழ் உண்டு. வேறொரு இடத்தில் முழு மிரரையே மாற்றியிருந்தார்கள், பலன் இல்லை. சுவிட்ச் அந்த வண்டியில் டிரைவர் கதவில் இருந்தது.

மிரரின் கப்ளரைக் கழற்றி, மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, பொது ஒயருக்கும் இடம்-வலம் ஒயருக்கும் நடுவே அளந்தேன். ஒருவர் சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார். 12.3 வோல்ட். முந்தைய மெக்கானிக் பார்த்ததும் இதுதான். அந்த எண் பொய்யில்லை, ஆனால் அது பாதி உண்மை.

மீட்டர் தன் வழியாக ஏறக்குறைய கரண்டே எடுக்காது. ஒயருக்குள் ஒரே ஒரு இழை பச்சைக் களிம்போடு தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டருக்கு முழு 12 வோல்ட் தெரியும். மோட்டாருக்கு அது போதாது. மோட்டார் கரண்டை இழுத்த நொடியே அந்த நைந்த இடத்தில் வோல்ட் முழுவதும் விழுந்துவிடும். ஆகவே அளப்பது எப்போதும் கப்ளர் மாட்டிய நிலையில், மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும்போது இருக்கவேண்டும். கப்ளரின் பின்பக்கம் ஒயர் நுழையும் துளை வழியாக மெல்லிய ஊசியை உள்ளே விட்டு அளக்கலாம். அப்படி அளந்தபோது அதே இரண்டு ஒயருக்கு நடுவே 0.5 வோல்ட்தான் இருந்தது. மோட்டார் நல்லது, வரும் வழிதான் கெட்டது என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

பிறகு அதே ஒயரைப் பின்னோக்கிப் போனேன். அந்த ஒயரில் பிளஸ் வரும் பக்கமாக அழுத்தச் சொல்லிவிட்டு, பாடி எர்த்துக்கும் ஒயருக்கும் நடுவே ஒவ்வொரு இடத்திலும் அளந்தேன். இடது பக்கம் கால்வைக்கும் இடத்து மூடிக்குள் இருக்கும் கப்ளரிலும் ஏறக்குறைய அதே 0.5. அப்படியென்றால் இடது கதவு குற்றவாளி அல்ல. டிரைவர் கதவில் சுவிட்சின் பின்னால் 12.3. பழுது இந்த இரண்டுக்கும் நடுவில், அதாவது டிரைவர் கதவுக்கும் பாடிக்கும் இடையே இருக்கும் ரப்பர் குழாயில்.

நிறையப் பேர் தவறவிடுவது இதைத்தான். சுவிட்ச் டிரைவர் கதவில் இருந்தால், இடது மிரருக்குப் போகும் ஒயர் முதலில் வலது கதவின் ரப்பர் குழாயைக் கடந்து, டேஷ்போர்டுக்கு அடியில் போய், அப்புறம் இடது கதவின் குழாயையும் கடந்து மிரருக்குச் சேரும். இரண்டு மடிப்பு அதற்கு. வண்டியில் அதிகம் திறந்து மூடும் கதவு டிரைவர் கதவுதான், அதனால் இடது மிரரின் நோய்க்கு வலது கதவில் வேர் இருப்பது அபூர்வம் அல்ல. சுவிட்ச் டேஷ்போர்டில் இருந்தால் இடது கதவு மடிப்பு ஒன்றுதான்.

அந்த வியாபாரியிடம் கேட்டேன், “டிரைவர் கதவு சுவிட்சில் இடது ஜன்னல் சரியாக இறங்குதுங்களா?” என்று. “அதுவும் சில நேரம் ரெண்டு தடவை அழுத்தோணுமுங்க, நான் அதைக் கண்டுக்கலை” என்றார். ஒரே குழாய்க்குள் போகும் ஒயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நைந்துபோகும். மிரர் பழுதோடு ஜன்னல், ஸ்பீக்கர், சென்ட்ரல் லாக் இவற்றில் ஏதாவது ஒன்று விட்டுவிட்டு வேலை செய்தால் நேராக ரப்பர் குழாய்க்கே போய்விடலாம்.

“மீட்டர் இல்லாம, ஒயர் அறுந்த இடம் கதவு மடிப்புதான்னு தெரிஞ்சுக்க வழி இருக்குங்களா?”

உண்டு. சாவியை ஆன் செய்து, ஒருவர் மிரர் சுவிட்சை அழுத்திப் பிடிக்கட்டும். இன்னொருவர் கதவை மெல்லத் திறந்து மூடட்டும். ஏதோ ஒரு கோணத்தில் கண்ணாடி திடீரென்று துடித்தால் அறுந்த முனைகள் அந்த இடத்தில் தொட்டுப் பிரிகின்றன. கதவு நிற்கும் இடத்தில் ரப்பர் குழாயைக் கையால் பிசைந்தும் பார்க்கலாம். எதுவும் துடிக்கவில்லை என்பதற்காக ஒயர் நல்லது என்று சொல்லிவிட முடியாது, முழுசாகப் பிரிந்த முனைகள் தொடவே தொடாது.

“அறுந்ததை முறுக்கி டேப் சுத்தினா போதாதா?”

போதாது. சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி அறும். இந்த வேலையைப் பொறுமையாக ஒரே தடவையில் முடிப்பதுதான் நல்லது.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, ரப்பர் குழாயின் இரு முனையையும் கதவிலிருந்தும் பாடியிலிருந்தும் பிடுங்கிப் பின்னுக்குத் தள்ளுங்கள். வெளியே பார்த்தால் எல்லா ஒயரும் முழுசாகத்தான் தெரியும், ஏனென்றால் மேல் பிளாஸ்டிக் தாக்குப்பிடித்திருக்க உள்ளே செம்பு மட்டும் முறிந்திருக்கும். ஒவ்வொரு ஒயரையும் இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இழுங்கள். செம்பு இருக்கும் ஒயர் விறைப்பாக நிற்கும். செம்பு முறிந்த ஒயர் அந்த இடத்தில் ரப்பர் மாதிரி நீளும். வேலந்தாவளம் வண்டியில் நீண்ட ஒயரை வெட்டிப் பார்த்தபோது செம்புக்குப் பதில் பச்சைப் பொடி கொட்டியது. குழாயில் கிழிசல் இருந்தது. ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபருக்கு மேல் வடகிழக்கு மழை என்று நம் பாலக்காட்டு எல்லைப் பக்கம் இரண்டு மழையும் அதற்குள் இறங்கியிருக்கிறது.

ஒட்டு எங்கே வருகிறது என்பதுதான் முக்கியம். மடிகிற இடத்தில் ஒட்டே வரக்கூடாது. ஈயம் வைத்த ஒயர் ஒட்டின் ஓரத்தில் கம்பி போல விறைத்துவிடும், கதவு மடியும்போது வளைவு முழுவதும் அந்த ஓரத்தில் விழுந்து அங்கேயே முறியும். ஆகவே நைந்த துண்டை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, புது ஒயரின் ஒரு ஒட்டு கதவுக்குள்ளும் இன்னொரு ஒட்டு பாடிக்குள்ளும் வரும்படி நீளம் விடுங்கள். இந்த வண்டிக்கு ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருந்தது. கார்களுக்கென்று விற்கும் மெல்லிய பல இழை ஒயர், 0.5 சதுர மில்லிமீட்டர், மிரருக்குத் தாராளம். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பியை ஒருபோதும் போடாதீர்கள். பக்கத்தில் மடிந்து வெளுத்திருந்த ஒயர்களையும் அப்போதே மாற்றிவிட்டேன். ஜன்னல் மோட்டார் ஒயர் தடிமனாக இருக்கும், அதற்குப் பழைய அளவுக்குக் குறையாமல் போடவேண்டும்.

ஒட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தால் கட்டி போல நிற்கும். ஒன்றுக்கொன்று இரண்டு விரல் தள்ளித் தள்ளி ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் சூடுபட்டால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். கடைசியில் குழாயின் உதடு கதவுத் தகட்டில் சுற்றிலும் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். கிழிந்த குழாயை மாற்றாமல் மூடினால் அடுத்த மழையில் இதே வேலை திரும்பி வரும்.

“இடது பக்கம் அழுத்தினா கண்ணாடி கோணலா மேலேயும் சேந்து போகுது.”

இங்கேதான் ஒயர் பழுது தன் முகத்தைக் காட்டும். இரண்டு காரணம் இருக்கலாம்.

முதலாவது, பொது ஒயர் அறுந்திருப்பது. சில சுவிட்சுகள் பயன்படாத ஒயரைச் சும்மா விடாமல் பொது ஒயரோடு சேர்த்து வைக்கும். அப்போது பொது ஒயர் அறுந்தால் கரண்ட் ஒரு மோட்டார் வழியாகப் போய் அடுத்த மோட்டார் வழியாகத் திரும்பும். இரண்டும் ஆளுக்குப் பாதி வோல்ட்டில் மெதுவாகச் சுற்றும், கண்ணாடி மூலைவாக்கில் நகரும்.

இரண்டாவது, முதல் கேள்வியில் சொன்ன விதிவிலக்கு. மேல்-கீழ் ஒயர் அறுந்து, மிரர் பக்கத்து முனை கதவுத் தகட்டில் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அந்த முனை நிரந்தர எர்த் ஆகிவிட்டது. இனி பொது ஒயரில் எப்போதெல்லாம் பிளஸ் வருகிறதோ அப்போதெல்லாம் மேல்-கீழ் மோட்டார் ஒரே பக்கமாகச் சுற்றும். அதனால் கண்ணாடி ஒரு திசையில் மட்டும் போகும், எதிர்த்திசையில் வராது. இடம்-வலத்தில் ஒரு பக்கம் அழுத்தும்போதும் அந்த மோட்டார் கூடவே ஓடும். ஆக, ஒரு திசை மட்டும் வேலை செய்து, அதோடு இன்னொரு அசைவில் கோணலும் சேர்ந்தால், சுவிட்சை விட்டுவிட்டு கதவுக்குள் ஒயர் தகட்டில் உரசும் இடத்தைத் தேடுங்கள். கோணல் இல்லாத ஒரு திசைப் பழுது என்றால் முதல் பதிலே சரி.

ஒயர் அறாமல் தோல் மட்டும் உரிந்து தகட்டில் பட்டால், ஒரு திசை ஓடும், எதிர்த்திசை அழுத்தினவுடன் ஃபியூஸ் போகும். அந்த வண்டிக்குப் பெரிய ஃபியூஸ் போடுவது ஆபத்து, ஒயர் கருகும்.

“மிரர் மோட்டாரைத் தனியா ஓட்டிப் பாக்கலாமா?”

பார்க்கலாம், பயமில்லாத வழி ஒன்று இருக்கிறது. கடையில் கிடைக்கும் 9 வோல்ட் சதுர பேட்டரி போதும். கப்ளரைக் கழற்றி, மிரர் பக்கத்து மூன்று முனையில் இரண்டு இரண்டாகத் தொட்டுப் பாருங்கள். மெதுவாக ஓடும், தவறாகத் தொட்டாலும் கார் பேட்டரி மாதிரி எரித்துவிடாது. முனைகளை மாற்றித் தொட்டால் எதிர்த்திசை ஓட வேண்டும்.

நிறத்தை வைத்துப் பொது ஒயரைக் கண்டுபிடிக்க முயலவேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஓம் அளவில் மீட்டரை வைத்து மூன்று ஜோடியையும் அளங்கள். இரண்டு ஜோடி ஏறக்குறைய ஒரே அளவு காட்டும், மூன்றாவது ஜோடி அந்த இரண்டின் கூட்டுத்தொகை அளவு காட்டும். அந்தப் பெரிய அளவில் சேராத முனைதான் பொது. மோட்டார் நின்ற இடத்தைப் பொறுத்து எண் கொஞ்சம் ஆடும், அது சரிதான்.

“சுவிட்ச்னு தெரிஞ்சுபோச்சு. சுத்தம் பண்ணலாமா, மாத்தணுமா?”

ஜன்னல் திறந்திருக்க மழை பெய்து, கதவுக் கைப்பிடியில் இருக்கும் சுவிட்சுக்குள் தண்ணீர் போனதுதான் வழக்கமான காரணம். கான்டாக்ட் கிளீனர் அடித்து, நான்கு பக்கமும் பலமுறை அழுத்தி, நன்றாக உலரவிட்டு ஓட்டிப் பாருங்கள். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதுவும் விடாதீர்கள், தூசியைப் பிடித்து இன்னும் கெட்டிப்படுத்தும். தொடுபுள்ளி கருகியிருந்தால் சுத்தம் செய்தது நீண்ட நாள் நிற்காது, மாற்றிவிடுங்கள். பழைய சுவிட்ச் வாங்கினால் கப்ளரின் முனைகளின் எண்ணிக்கையோடு மடிக்கும் பட்டன் இருக்கிறதா என்பதையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

“எங்களது பெரிய வண்டி. மிரர் நினைவு வசதி எல்லாம் இருக்கு. இதே சோதனைதானா?”

பாதி வரைதான். அப்படிப்பட்ட வண்டிகளில் சுவிட்ச் மோட்டாரை நேரே ஓட்டாது, கதவில் இருக்கும் கண்ட்ரோல் பெட்டிக்குச் செய்தி மட்டும் அனுப்பும். பெட்டிதான் பிளஸ்ஸையும் எர்த்தையும் மாற்றிக் கொடுக்கும். ஆகவே சுவிட்சின் பின்னால் 12 வோல்ட் தேடிப் பயனில்லை. முதலில் ஸ்கேனர் போட்டு, பட்டனை அழுத்தும்போது பெட்டிக்குச் செய்தி போகிறதா பார்க்கவேண்டும். பெட்டியிலிருந்து மிரர் வரையான மூன்று ஒயருக்கும் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். பெட்டி பெரும்பாலும் அதே கதவுக்குள் இருப்பதால், அந்த மூன்று ஒயர் ரப்பர் குழாயைக் கடப்பதில்லை.

“சரிபண்ண ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் கையால திருப்பி வெச்சுக்கலாமா?”

திருப்பலாம். கண்ணாடியின் ஓரத்தில், நகர வேண்டிய பக்கத்தில், இரண்டு கட்டைவிரலையும் அகலமாக வைத்து மெல்ல அழுத்துங்கள். உள்ளே கிளட்ச் வழுக்கிக் கொடுக்கும். மூலையில் ஒரே விரலால் குத்தினால் கண்ணாடி விரிசல் விடும், பல்லும் போகும். டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்து பின்னால் வரும் வண்டியும் ரோட்டு ஓரமும் தெரிகிறதா என்று சொல்லச் சொல்ல, வெளியே நிற்கிறவர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தவேண்டும். அழுத்தம் அதிகமாகத் தேவைப்பட்டால் நிறுத்திவிடுங்கள், அந்த மிரரில் பழுது ஒயரில் இல்லை, பல்லில் இருக்கிறது. அதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், கதவைப் பிரிக்கும் கூலி மிச்சமாகும்.